கீழே போர்வை, மேலே வேர்வை: ஒரே ஏசியில் ஏன் இரண்டு காலநிலை?

"தம்பி, மேலே பிள்ளையளின்ர அறை வேகுது. கீழே நாங்கள் போர்வை போர்த்திக்கொண்டு இருக்கிறம்." டொராண்டோவைச் சுற்றியுள்ள இரண்டு மாடி வீடுகளில் ஜூலை பிறந்தால் நான் அதிகம் கேட்கும் முறைப்பாடு இதுதான். போன கோடையில் ஏஜாக்ஸில் ஓர் அம்மா இப்படித்தான் அழைத்தார். கீழ்த்தளத் தெர்மோஸ்டாட்டில் 23 பாகை. கராஜுக்கு மேலே இருக்கும் பிள்ளைகளின் அறையில் மாலை ஏழு மணிக்கு 28.

அவர்கள் என்னை அழைப்பதற்கு முன் இரண்டு காரியங்கள் நடந்திருந்தன. கீழ்த்தளத்து வென்ட்களை எல்லாம் வீட்டுக்காரர் மூடிவிட்டார், காற்று மேலே போகட்டும் என்று. அடுத்ததாக, வேறொரு தொழிலாளர் வந்து பார்த்துவிட்டு, இரண்டு டன் ஏசியை எடுத்துவிட்டு மூன்று டன் போடச் சொல்லியிருக்கிறார். இரண்டுமே தவறான வழி. வென்ட்களை அடுக்காக மூடினால் அந்தக் காற்று அப்படியே மேலே போவதில்லை. குழாய்க்குள் அழுத்தம் ஏறும், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸின் விசிறிதான் ஏசிக் காற்றையும் தள்ளுகிறது, அது தள்ளும் மொத்தக் காற்றே குறையும். குளிர்ச் சுருளின் மேல் போதிய காற்று ஓடாதபோது சுருளில் பனி கட்டும். நான் போனபோது ஃபர்னஸிலிருந்து வெளியே போகும், கறுப்பு உறை போட்ட தடித்த செப்புக் குழாயில் வெண்பனி படிந்திருந்தது. அந்தக் குழாய் சில்லென்று வேர்த்திருப்பது இயல்பு. பனி கட்டியிருந்தால் குளிரூட்டலை நிறுத்தி, விசிறியை மட்டும் ஓடவிட்டு, உருகும்வரை பொறுக்க வேண்டும். பெரிய ஏசியும் உதவாது. குழாய்கள் அதே அளவில் இருக்கும்போது மூன்று டன்னுக்கு வேண்டிய காற்று அவற்றில் ஓடாது.

எல்லா வென்ட்களையும் திறந்தோம். அழுக்கேறிய பில்டரை மாற்றினோம். பனி உருகிய பின்தான் அளக்கத் தொடங்கினேன். காற்றை அளக்கும் கருவி என்னிடம் இருக்கிறது. ஆனால் வீட்டுக்காரர் தானே திரும்பச் செய்து பார்க்கட்டும் என்று குப்பைப் பையால் செய்து காட்டினேன். கம்பிக் கொழுவியை வளைத்துப் பையின் வாயில் சட்டம்போல வைத்து, பையைத் தட்டையாக அமுக்கி, வென்ட்டின் மேல் கவிழ்த்துவிட்டு, நிரம்ப எத்தனை வினாடி என்று எண்ணவேண்டும். பையின் லிட்டரை வினாடியால் வகுத்தால் போதும். துல்லியம் குறைவுதான், ஆனால் அறைக்கு அறை ஒப்பிட அது தாராளம்.

எங்களுடையது 70 லிட்டர் பை. பேஸ்மென்ட்டில் இருந்த மூன்று வென்ட்களிலும் இரண்டே வினாடியில் நிரம்பியது, அதாவது ஒவ்வொன்றிலும் வினாடிக்கு 35 லிட்டர். பிள்ளைகளின் அறையில் ஏழு வினாடி, வெறும் 10 லிட்டர். இரண்டு டன் ஏசி சரியாக ஓடினால் வினாடிக்கு ஏறக்குறைய 380 லிட்டர் காற்றைத் தள்ளும். அதில் கால்வாசிக்கும் மேல், ஆள் இல்லாத, ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் பேஸ்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஃபர்னஸுக்குப் பக்கத்தில் இருக்கும் வென்ட்டுக்குத்தான் காற்று முதலில் கிடைக்கும். கடைசி அறைக்கு மிச்சம்தான்.

அந்த 10 லிட்டரின் பெறுமதியையும் கணக்கிட்டுக் காட்டினேன். 14 பாகையில் வரும் காற்று 24 பாகை அறையில் நீக்கும் வெப்பம், லிட்டரை 1.2 ஆலும் பின் வெப்ப வித்தியாசத்தாலும் பெருக்கினால் வரும்: 120 வாட். தூங்கும் இரண்டு பிள்ளைகளின் உடல் வெப்பத்துக்கே அது சரி. சுவரும் கூரையும் ஜன்னலும் கொண்டுவரும் வெப்பத்தை எடுக்க எதுவும் மிச்சமில்லை.

பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு அளந்தேன். ஏழு ஒன்பதாயிற்று. இந்தச் சோதனையைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அறைக்குள் வரும் காற்று திரும்ப ஃபர்னஸுக்குப் போக வழி வேண்டும். அப்படிக் காற்றைத் திரும்ப இழுக்கும் வாய்தான் ரிட்டர்ன். இந்த வீட்டில் மேல்மாடிக்கான ரிட்டர்ன் நடைபாதையில்தான் இருக்கிறது, அறைக் காற்று கதவின் அடி இடுக்கால்தான் அங்கே போயாக வேண்டும். முந்தின வருடம் போட்ட தடித்த கம்பளம் அந்த இடுக்கை அடைத்துவிட்டது. கதவைக் கழற்றி அடியில் இரண்டு சென்டிமீட்டர் சீவினோம்.

அடுத்தது பேஸ்மென்ட் கூரை. பெரிய குழாயிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் பிரியும் வட்டக் குழாயின் தொடக்கத்தில் ஒரு சின்னப் பிடி இருக்கும், அது திருப்பும் உள்தகடுதான் டாம்பர். பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல். பிள்ளைகளின் அறைக்குப் போகும் குழாயில் அது முக்கால்வாசி குறுக்கே நின்றது. வீடு கட்டிய நாளிலிருந்து யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். முழுதாகத் திறந்தோம். அதே குழாயின் ஒரு மூட்டில் கை வைத்தால் குளிர் காற்று அடித்தது. அதை அலுமினிய ஒட்டுநாடாவால் மூடினோம். துணி நாடா காய்ந்து உரிந்துவிடும், அதை நான் பயன்படுத்துவதே இல்லை. இப்போது ஐந்து வினாடி.

அதற்குப் பிறகுதான் பேஸ்மென்ட் டாம்பர்களைத் தொட்டேன். பலவீனமான அறையை முழுதாகத் திறந்துவைத்து, காற்று அதிகம் வாங்கும் அறைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். ஒன்றைத் திருகினால் மற்ற எல்லாமே மாறும். ஆகவே ஒவ்வொரு முறையும் சிறிது திருப்பி, எல்லா அறைகளையும் திரும்ப அளக்க வேண்டும். பேஸ்மென்ட் வென்ட்கள் இரண்டு வினாடியிலிருந்து ஐந்துக்கு வந்தபோது பிள்ளைகளின் அறை நான்குக்கு வந்தது. கதவைச் சாத்தினாலும் அதே நான்கு. அத்தோடு நிறுத்தினேன். ரிட்டர்ன் காற்றுக்கும் ஏசி தரும் காற்றுக்கும் வித்தியாசம் 11 பாகை இருந்தது. 9 முதல் 12 வரை இருந்தால் நல்லது. அதைத் தாண்டினாலோ, வென்ட் விசிலடித்தாலோ, அளவுக்கு மீறி மூடிவிட்டீர்கள், திரும்பக் கொஞ்சம் திறவுங்கள்.

அடுத்த வாரம் அதே மாலை நேரத்தில் அந்த அறையில் 25 பாகை. மிச்ச இரண்டு பாகைக்குக் காரணம் மேற்கு ஜன்னலும், கீழே வெந்து கிடக்கும் கராஜும். அதை டாம்பரால் தீர்க்க முடியாது என்று சொல்லிவிட்டேன். வெயில் கண்ணாடியில் படுமுன் தடுப்பதும், கராஜ் கூரையில் வெப்பக் காப்பு போடுவதும் வேறு வேலை.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ரிட்டர்ன் போதவில்லை என்று ஃபர்னஸ் இருக்கும் அறையிலேயே ரிட்டர்ன் குழாயில் துளை வெட்டிய வீடுகளைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் புகைபோக்கியோடு எரிவாயு வெந்நீர்த் தொட்டி இருந்தால், அந்த உறிஞ்சல் புகையைத் திருப்பி இழுக்கும். கார்பன் மோனாக்சைடு படுக்கையறை வரை வந்துவிடும்.

கிளம்பும்போது ஒவ்வொரு டாம்பர் பிடிக்கும் பக்கத்தில் மார்க்கரால் கோடு போட்டு "கோடை" என்று எழுதினேன். பழைய நிலையில் இன்னொரு கோடு, "பனி". பனிக்காலத்தில் சூடு தானாக மேலே ஏறும், பேஸ்மென்ட்டுக்குத்தான் காற்று தேவைப்படும். கோடைக் கோட்டிலேயே விட்டால் பேஸ்மென்ட் உறையும். ஃபர்னஸுக்குக் காற்றும் குறைந்தால் உள்ளே சூடேறி, பாதுகாப்பு விசை எரிவாயுவை அடிக்கடி நிறுத்தும். அக்டோபரில் அந்த அம்மாவே அழைத்து, பிடிகளை "பனி" கோட்டுக்குத் திருப்பிவிட்டதாகச் சொன்னார்.