கொலஸ்ட்ரோல் குளிசையும் ஆண்மையும்: எது முதலில் வந்தது?

கிளினிக்கில் கொப்பியை விரிக்கும் முன் நான் பார்ப்பது மருந்துப் பையைத்தான். மாதா மாதம் கொடுக்கிற குளிசைக் கவர்கள் எல்லாம் காலியாகி, ஒன்று மட்டும் பழைய மாதத்துக் குளிசையோடு அப்படியே உப்பிக்கொண்டு இருக்கும். வந்தவர் ஐம்பது வயதை ஒட்டிய ஆணாக இருந்தால், அந்தக் கவரில் ‘இரவில் 1’ என்று எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். அட்டோர்வஸ்டட்டின், அதாவது நம்ம ஆட்கள் சொல்கிற ‘கொலஸ்ட்ரோல் குளிசை’. ஏன் போடவில்லை என்று கேட்டால் “வயிறு எரியுது”, “தசை நோகுது” என்று ஏதாவது வரும். உண்மைக் காரணம் மனுசி வெளியே போய்க் கதவு சாத்தினபிறகுதான் வரும்.

படுவான்கரைப் பக்கத்து வேளாண்மைக்காரர் ஒருவரின் கதையைச் சொல்கிறேன். ஆளை அடையாளம் தெரியாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். வயது 54. ஹார்ட் அட்டாக் வந்து, ஒரு ஸ்டென்ட் வைத்து, பதினான்கு மாதம். சீனி வருத்தம் எட்டு வருடமாக இருக்கிறது. ஐந்து மாதமாகக் கொலஸ்ட்ரோல் குளிசையை நிறுத்திவிட்டார், யாரிடமும் சொல்லவில்லை. இரத்த றிப்போட் வந்தபோது அதுவே சொல்லிவிட்டது: முந்திய தடவை 66 ஆக இருந்த எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ரோல் 148க்கு ஏறியிருந்தது.

“டொக்டர், வட்ஸ்அப்பில ஒரு வீடியோ வந்தது. ஆண் ஹோர்மோனே கொலஸ்ட்ரோலில இருந்துதானாம் உண்டாகுது. அதைக் குறைச்சா எல்லாம் போயிருமாம். எனக்கும் சரியில்லைதானே, அதான் விட்டுட்டன்.”

“சரி அண்ணன், விட்டு அஞ்சு மாசம். இப்ப சரியா வந்துட்டுதா?”

“இல்லை.”

“இந்தப் பிரச்சினை எப்ப தொடங்கினது? ஹார்ட் அட்டாக்குக்கு முன்னுக்கா, பின்னுக்கா?”

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மகளின் கலியாணத்தைக் கணக்கு வைத்துச் சொன்னார்: அட்டாக் வருவதற்கு ஒன்றரை வருடம் முன்பே விறைப்பு சரியாக வரவில்லை. அப்போது அவர் ஒரு கொலஸ்ட்ரோல் குளிசைகூடப் போட்டதில்லை.

இந்தக் கேள்வியை யாரும் அவரிடம் கேட்கவில்லை, அவரும் தன்னைத்தானே கேட்டுக்கொள்ளவில்லை. விறைப்பு என்பது பெரும்பாலும் இரத்தக்குழாய் விஷயம். அந்தரங்க உறுப்புக்குப் போகிற நாடிகள் ஒன்று இரண்டு மில்லிமீற்றர் அகலம்தான், இதயத்தின் நாடிகள் மூன்று நான்கு மில்லிமீற்றர். சீனியும் சிகரட்டும் கொழுப்பும் குழாயின் உட்சுவரை எல்லா இடத்திலும் ஒன்றாகத்தான் கெடுக்கின்றன. பெரிய வாய்க்காலில் கொஞ்சம் வண்டல் படிந்தாலும் தண்ணீர் ஓடும், அதே வண்டல் வரம்போரத்துச் சின்னக் கானில் படிந்தால் அந்த வயல் காய்ந்துபோகும், அவருக்கு நான் சொன்னதும் இதேதான். அதனால்தான் பலருக்கு விறைப்புக் குறைவு முதலில் வந்து, இரண்டு முதல் ஐந்து வருடம் கழித்து இதயம் காட்டுகிறது. அட்டாக் வந்தபிறகு குளிசை எழுதுகிறார்கள், அதற்குப் பிறகுதான் மனிதர் தன் உடம்பைக் கவனிக்கத் தொடங்குகிறார், பழி குளிசைமேல் விழுந்துவிடுகிறது.

அப்புறம் அந்த வீடியோ. அதில் பாதி உண்மை, அதனால்தான் அது எடுபடுகிறது. டெஸ்டோஸ்டிரோன் கொலஸ்ட்ரோலில் இருந்துதான் செய்யப்படுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஒரு ஆணின் உடம்பு ஒரு நாளைக்குச் செய்கிற டெஸ்டோஸ்டிரோன் ஐந்து முதல் ஏழு மில்லிகிராம் வரைதான். அதே உடம்பு ஒரு நாளில் தானாகச் செய்கிற கொலஸ்ட்ரோல் கிட்டத்தட்ட ஒரு கிராம், அதாவது ஆயிரம் மில்லிகிராம். அட்டோர்வஸ்டட்டின் போன்ற குளிசைகளுக்குப் பொதுப் பெயர் ஸ்டட்டின், அது முக்கியமாக ஈரலில் வேலை செய்து இரத்தத்தில் இருக்கிற எல்.டி.எல்.லைக் குறைக்கிறது. விதையில் இருக்கிற செல்கள் தமக்கு வேண்டியதை இரத்தத்தில் இருந்தும் எடுக்கும், தாமாகவும் செய்துகொள்ளும். கொஞ்சம் குறைந்தால் மூளையடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி கூடுதலாக உசுப்பிவிடும்.

ஆனாலும் துளிகூடக் குறையாது என்று சொன்னால் அது நேர்மையில்லை. ஆண்களில் ஸ்டட்டினையும் மருந்தே இல்லாத வெறும் குளிசையையும் ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2013இல் ஒரு கணக்கு வெளிவந்தது. அதன்படி டெஸ்டோஸ்டிரோன் சராசரியாக 0.66 அலகு குறைகிறது. சாதாரண ஆளின் அளவு ஏறத்தாழ 10 முதல் 30 வரை இருக்கும். ஒரே ஆளுக்கே காலையில் ஒன்று, பின்னேரம் ஒன்று என்று இதைவிடக் கூடுதலாக ஏறி இறங்கும். சாதாரணமாக இருக்கிற ஆளை இந்தக் குறைவு குறைபாட்டுக்குள் தள்ளிவிடாது. இன்னொன்று, டெஸ்டோஸ்டிரோன் உண்மையில் குறைந்தால் முதலில் அடிபடுவது ஆசை. இவருக்கு ஆசை இருக்கிறது, விறைப்புத்தான் நிற்கவில்லை. அது இரத்தக்குழாயையும் நரம்பையும் காட்டுகிற அறிகுறி.

விறைப்பு என்று தனியாகப் பார்த்தால் கணக்கு மறுபக்கம் திரும்புகிறது. ஐந்து கேள்வி கேட்டு 25க்குப் புள்ளி போடுகிற ஒரு முறை இருக்கிறது. ஸ்டட்டின் போட்ட ஆண்களுக்கு அந்தப் புள்ளி சராசரியாக மூன்றுக்குச் சற்று மேலே கூடியதாக 2014இல் வந்த ஆய்வுத் தொகுப்பு காட்டியது. குழாயின் உட்சுவர் தேறினால், குழாயை விரிக்கிற நைட்ரிக் ஒக்சைட் நன்றாகச் சுரக்கும் என்பது காரணமாக இருக்கலாம். விறைப்புக்காக யாரும் ஸ்டட்டின் எழுதுவதில்லை, நானும் எழுத மாட்டேன். ஆனால் ஆண்மையைக் கெடுக்கும் என்று பயந்து தூக்கி எறிகிற குளிசை சராசரியில் அதற்குக் கொஞ்சம் உதவியே செய்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

“பெட்டிக்குள்ள இருக்கிற தாளில போட்டிருக்கே டொக்டர்” என்பார்கள். போட்டிருக்கிறது, உண்மைதான். சிலர் முறையிட்டிருந்தாலே அதில் ஏறிவிடலாம். குளிசைதான் காரணம் என்று அதற்கு அர்த்தமில்லை. இத்தாலியில் 2003இல் வெளியான ஒரு ஆய்வை இந்த இடத்தில் அடிக்கடி சொல்வேன், அது ஸ்டட்டின் பற்றியது இல்லை, இதயக்காரர்களுக்குக் கொடுக்கிற அட்டெனோலோல் பற்றியது. 96 ஆண்களை மூன்றாகப் பிரித்து எல்லோருக்கும் அதே மருந்தைக் கொடுத்தார்கள். என்ன மருந்து என்று சொல்லாத கூட்டத்தில் விறைப்புக் குறைவு சொன்னவர்கள் நூற்றுக்கு மூன்று பேர். பெயரை மட்டும் சொன்ன கூட்டத்தில் பதினாறு. ‘விறைப்பைப் பாதிக்கலாம்’ என்றும் சேர்த்துச் சொன்ன கூட்டத்தில் முப்பத்தொன்று. வீடியோ செய்கிற வேலையும் இதுதான். இது நடிப்பில்லை, பயம் உண்மையாகவே விறைப்பைக் கெடுக்கும்.

சரி, நிறுத்தினால் என்ன நடக்கும்? வெளியில் ஒன்றும் தெரியாது, அதுதான் பிரச்சினை. தலை சுற்றாது, நெஞ்சு நோகாது, சில கிழமைகளில் எல்.டி.எல். பழைய இடத்துக்குப் போய்விடும், ஆள் ‘விட்டும் ஒன்றும் நடக்கவில்லையே’ என்று நினைப்பார். டென்மார்க்கில் ஆறரை இலட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்டட்டின்காரர்களின் பதிவுகளைப் பார்த்த ஆய்வில், ஆரம்பத்திலேயே நிறுத்தியவர்களுக்கு மாரடைப்பு 26 வீதம் கூடுதலாக இருந்தது. நிறுத்துகிறவர்கள் மற்ற விஷயங்களிலும் கவனக்குறைவானவர்களாக இருக்கலாம், அதனால் முழுப் பழியையும் நிறுத்தியதில் போட முடியாது. ஆனால் ஸ்டென்ட் வைத்த ஆளுக்கு அந்த இலக்கத்தோடு விளையாட வேண்டிய தேவை இல்லை.

நம்ம அண்ணனுக்கு என்ன செய்தோம்? அட்டோர்வஸ்டட்டின் 40 மி.கி. அன்றிரவே திரும்பத் தொடங்கினார். காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோன் பார்த்தோம். காலை ஏழுக்கும் பதினொன்றுக்கும் இடையில் எடுக்காத றிப்போட்டை வைத்து யாரும் முடிவுக்கு வர வேண்டாம், குறைவாக வந்தால் இன்னொரு காலையில் திரும்பவும் எடுக்க வேண்டும். இவருக்கு 14 இருந்தது. குளிசை விட்டிருந்த நேரத்து அளவு என்பதால், தொடங்கி இரண்டு மாதம் கழித்து மறுபடி எடுத்தோம், 13.6. சீனியின் மூன்று மாதச் சராசரி 9.4. எட்டு வருடமாகக் குழாயையும் நரம்பையும் கெடுத்துக்கொண்டிருந்த ஆள் இதோ இருக்கிறார் என்று அந்த இலக்கத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினேன். எல்.டி.எல். 71க்கு இறங்கியது. சீனி 7.5க்கு வர ஆறு மாதம் பிடித்தது, இன்சுலின் ஊசிக்குச் சம்மதிக்க வைக்கவே அதில் பாதிக் காலம். விறைப்பு முழுதாக வரவில்லை, ஆனால் கொஞ்சம் தேறியது.

குளிசையை மாற்றியிருக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கு: முடியும். சிலருக்கு உண்மையாகவே ஒரு ஸ்டட்டின் ஒத்துவராமல் போகலாம். குளிசை தொடங்கிய சில கிழமைகளிலேயே பிரச்சினை வந்து, அதற்கு முன்னால் எல்லாம் சரியாக இருந்திருந்தால் நான் அதைப் பாரமெடுத்துக் கேட்பேன். ரொசுவஸ்டட்டினுக்கு மாற்றலாம், அளவைக் குறைத்து எசெட்டிமைப் என்ற வேறு வகைக் கொலஸ்ட்ரோல் குளிசையைச் சேர்க்கலாம், ஆபத்துக் குறைந்த ஆளென்றால் சில கிழமை நிறுத்திப் பார்த்துத் திரும்பத் தொடங்கலாம். அதோடு, கொப்பியில் வேறு சந்தேகக்காரர்களும் இருக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கிற ஹைட்ரோகுளோரோதயசைட், ஸ்பைரோனோலக்டோன் போன்றவை ஸ்டட்டினைவிட இந்த விஷயத்தில் பேர் கெட்டவை. கிளினிக்கில் கூட்டம் அதிகம், வெட்கமும் அதிகம். வாயால் சொல்ல முடியாவிட்டால் ஒரு தாளில் ‘விறைப்புப் பிரச்சினை, இந்த மாதத்தில் தொடங்கியது’ என்று எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள், எனக்கு அது போதும்.

ஒன்றை மட்டும் அண்ணன் கடைசியில்தான் சொன்னார். குளிசையை விட்டதோடு நிற்கவில்லை, பாமசியில் துண்டு இல்லாமல் விறைப்புக்குப் போடுகிற சில்டெனபில் வாங்கி இரண்டு தடவை போட்டிருக்கிறார். அவர் கொப்பியில் நெஞ்சு வலிக்கு ஐசோசோர்பைட் மொனோநைட்ரேட் என்ற நைட்ரேட் குளிசை இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் பிரஷர் சடாரென்று விழும், உயிரே போகலாம். இதய வைத்திய நிபுணர் அவரைப் பரிசோதித்து, வலி இல்லாததால் அந்த நைட்ரேட்டை நிறுத்தியபிறகுதான் சில்டெனபிலைக் குறைந்த அளவில் எழுதினோம், இப்போது பரவாயில்லை என்கிறார்.

உங்கள் பையில் நைட்ரேட் குளிசையோ, நாக்கின் கீழ் வைக்கிற ஜி.ரி.என். குளிசையோ இருந்தால் சில்டெனபில், அதே வகையான டாடலபில் பக்கமே போகாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டு நெஞ்சு வலி வந்தால், நாக்கின் கீழ் குளிசையை வைக்காமல் உடனே 1990க்கு அழையுங்கள். வருகிற ஆம்புலன்ஸ் ஆட்களிடமும் ஆஸ்பத்திரியிலும் எந்தக் குளிசை, எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று வெட்கப்படாமல் சொல்லுங்கள். சில்டெனபில் என்றால் 24 மணித்தியாலம், டாடலபில் என்றால் 48 மணித்தியாலம் நைட்ரேட் கொடுக்க முடியாது, அது தெரிந்தால் அவர்கள் வேறு மருந்து பார்ப்பார்கள்.