கேட்பேன் என்றவர்கள் கேட்டார்களா?

முதுநிலைக் கல்வியியல் ஆய்வேடுகளில் கலப்பு முறை என்று அட்டையில் இருக்கும். அதாவது எண்ணாக வரும் பதிலும் பேச்சாக வரும் பதிலும் சேர்ந்து ஒரே கேள்விக்கு விடை தேட வேண்டும். உள்ளே நான்காம் அத்தியாயத்தில் வினாநிரல், ஐந்தாம் அத்தியாயத்தில் நேர்காணல். இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. நான் வழிகாட்டிய ஒரு ஆய்வும் ஏறக்குறைய அப்படித்தான் முடிந்திருக்கும்.

முதல் தலைமுறைக் கல்லூரி மாணவர்கள் ஆசிரியரிடம் உதவி கேட்கத் தயங்குகிறார்களா என்பதுதான் அந்த மாணவியின் கேள்வி. 160 பேரிடம் வினாநிரல் வாங்கினார். அதில் ஒரு கூற்று: ‘பாடத்தில் சந்தேகம் வந்தால் ஆசிரியரிடம் கேட்பேன்.’ 1 முதல் 5 வரை மதிப்பெண். முதல் தலைமுறையினர், மற்றவர்கள் என்று பிரித்துப் பார்த்தால் இரு பக்கமும் சராசரி 4-ஐ ஒட்டியே நின்றது. ஆனால் அவர் நேர்காணல் செய்த முதல் தலைமுறை மாணவர்கள் பத்துப் பேரில் பெரும்பாலோர், ஆசிரியர் அறைப் பக்கமே போனதில்லை என்றார்கள்.

“எதை எடுத்துக்கிறது மேடம்? ஒன்னை விட்டுடலாமா?” என்று கேட்டார்.

விடக்கூடாது. இரண்டு கருவிகளும் முரண்படும் இடத்தில்தான் கலப்பு முறைக்கு வேலையே தொடங்குகிறது. அதற்கு முதலில் ஒரே ஆளின் இரண்டு பதில்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிய வேண்டும். நல்லவேளையாகத் தாள்களில் பெயருக்குப் பதில் குறியீட்டு எண் போட்டிருந்தார். எந்த எண் யாருடையது என்ற பட்டியல் தனியாக அவரிடம் பூட்டியிருந்தது. பலர் ஒப்புதல் படிவத்தில் ‘உங்களை யாராலும் அடையாளம் காண முடியாது’ என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். அப்புறம் இணைக்க நினைத்தால் அது வாக்குத் தவறுவதாகிவிடும். ‘பெயர் வெளியிடப்படாது, நேர்காணலுக்காகத் தொடர்புகொள்ளலாம்’ என்பதே சரியான வாசகம்.

அந்தப் பத்துப் பேரின் தாள்களை எடுத்தால், எட்டுத் தாள்களில் அந்தக் கூற்றுக்கு 4 அல்லது 5 போட்டிருந்தது. சரி, அவரவர் தாளை அவரவர் முன்னால் வைத்து, “இதை என்ன நினைத்துப் போட்டீர்கள்?” என்று மட்டும் கேட்கச் சொன்னேன். ஒருவர், “நல்ல மாணவன்னா கேட்கணும் இல்லையா, அதான்” என்றார். இன்னொருவர் நன்றாகப் படிக்கும் தோழியிடம் சொல்லி, அவள் மூலமாகக் கேட்கச் செய்திருக்கிறார். மூன்றாமவருக்கு, ‘புரிந்ததா?’ என்று ஆசிரியர் வகுப்பில் பொதுவாகக் கேட்கும்போது தலையாட்டாமல் இருப்பதே கேட்பதுதானாம்! இந்தப் பதிலை நான் இன்னும் மறக்கவில்லை.

முதல் தலைமுறை அல்லாதவர்கள் அதே 4-ஐ என்ன பொருளில் போட்டார்கள்? அது தெரியாது, ஏனென்றால் அவர்களில் ஒருவரைக்கூட நேர்காணல் செய்யவில்லை. ஆய்வு முதல் தலைமுறையினரைப் பற்றியது என்பதால் அவர்களிடம் மட்டும் பேசினால் போதும் என்று நினைப்பது அடிக்கடி நடக்கும் தவறு. பெற்றோர் பட்டம் பெற்ற நான்கு பேரிடம் பிறகு பேசினார். அவர்களுக்குக் ‘கேட்பது’ என்றால் நேரில் அறைக்குப் போவது, மின்னஞ்சல் அனுப்புவது. எண் ஒன்று, பொருள் வேறு. அந்தக் கூற்றை வைத்து இரு குழுக்களையும் ஒப்பிட்டது செல்லாது.

எனவே கூற்றை மாற்றினோம். ‘கடந்த 30 நாட்களில் வகுப்புக்கு வெளியே எத்தனை முறை ஆசிரியரிடம் சந்தேகம் கேட்டீர்கள்?’ என்பது ஒன்று. ‘சந்தேகம் வந்தும் கேட்காமல் விட்டது எத்தனை முறை?’ என்பது இன்னொன்று. இரண்டாவது இல்லாவிட்டால், சந்தேகமே வராதவரும் தயங்கி நின்றவரும் ஒரே பூஜ்யத்தில் போய் விழுவார்கள். அதே மாணவர்களிடம் திரும்பக் கொடுத்தபோது முதல் கேள்வியில் இடைவெளி சிறியதாகவும் இரண்டாவதில் பெரியதாகவும் வந்தது.

இடையில் இன்னொன்றும் தெரிந்தது. பத்துப் பேரில் ஒருவருடைய அண்ணன் ஏற்கெனவே பட்டதாரி. இன்னொருவரின் அப்பா கல்லூரியில் சேர்ந்து பாதியில் நின்றவர். ‘நீங்கள் முதல் தலைமுறையா?’ என்று நேரடியாகக் கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். அப்பா, அம்மா, அண்ணன், அக்கா என்று ஒவ்வொருவர் படிப்பையும் தனித்தனியாகக் கேட்டுவிட்டு, வரையறையை ஆய்வாளர் பிற்பாடு பொருத்துவதே நல்லது.

ஆய்வேட்டில் மூன்று நெடுவரிசை கொண்ட ஒரு அட்டவணை போட்டார்: வினாநிரல் சொன்னது, நேர்காணல் சொன்னது, சேர்த்துப் பார்த்தால் தெரிவது. மூன்றாவது நெடுவரிசையில் ‘பெரும்பாலான முதல் தலைமுறையினர் இப்படித்தான் புரிந்துகொள்கிறார்கள்’ என்று முதல் வரைவில் இருந்தது. அடிக்கச் சொன்னேன். இப்படியும் புரிந்துகொள்கிறார்கள் என்றுதான் பத்துப் பேரை வைத்துச் சொல்ல முடியும். எத்தனை பேர் என்று சொல்ல முடியாது.

ஒரு குறையைச் சரிசெய்ய நேரம் இருக்கவில்லை. நேர்காணலுக்கு வந்தவர்கள் எல்லாம் தாளின் அடியில் தொலைபேசி எண்ணைத் தாங்களாகவே எழுதியவர்கள். மதிப்பெண்ணில் மேல், நடு, கீழ் என்று பிரித்து ஆட்களை அழைத்திருக்க வேண்டும். ஆய்வின் வரம்புகளைச் சொல்லும் பகுதிக்காக, எண் எழுத வேண்டிய கட்டத்தைக் காலியாக விட்டவர்களை எண்ணிப் பார்த்தார். அவர்களில் அதிகம் முதல் தலைமுறையினர்தான்.