அரை ஆயுட்காலம்: அயோடின்-131 எப்போது வரம்புக்குக் கீழே இறங்கும்?

ஆஸ்பத்திரியில் பலரும் 'ஹாஃப் லைஃப்' என்றே சொல்வார்கள். தமிழில் அரை ஆயுட்காலம், அரைவாழ்வுக் காலம் என்ற இரண்டும் வழங்குகின்றன. இருக்கும் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரம் என்பதே பொருள். 'ஆயுள்' என்றதும் 8 நாள் அரை ஆயுள் கொண்ட பொருள் 16 நாளில் தீர்ந்துவிடும் என்று நினைத்துவிடக் கூடாது. 16 நாளில் கால் பங்கு மிஞ்சும், 24 நாளில் அரைக்கால் பங்கு. ஒவ்வொரு முறையும் மிச்சத்தில்தான் பாதி போகிறது. இதைத்தான் அடுக்குக்குறிச் சிதைவு என்கிறோம்.

மான்ட்ரியாலில் எர்னஸ்ட் ரூதர்போர்டு 1900-ல் தோரியத்திலிருந்து வெளிவரும் வாயுவை ஆராய்ந்தபோது, அதன் கதிர்வீச்சு சுமார் ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாவதைக் கண்டார். முதலில் எவ்வளவு இருந்தாலும் பாதியாக ஆகும் நேரம் மாறவில்லை. இந்தக் கருத்துக்கு வேர் அங்கேதான்.

இப்போது ஒரு கணக்கு. தைராய்டு புற்றுநோய்க்கு அறுவை முடிந்த ஒருவருக்கு அயோடின்-131 என்ற கதிரியக்க மருந்து 3,700 மெகாபெக்கரெல் கொடுக்கிறார்கள். மெகாபெக்கரெல் என்பது கதிரியக்கத்தை அளக்கும் அலகு. உடலில் 1,110-க்குக் கீழே இறங்கினால் தனியறையிலிருந்து வெளியே விடலாம் என்பது வரம்பு என்று வைத்துக்கொள்வோம் (வரம்பு நாட்டுக்கு நாடு மாறும்). சூத்திரம் இது:

```
t = T × log2(A0 / L)
```

A0 தொடக்க அளவு, L வரம்பு, T அரை ஆயுள். log2 பொத்தான் இல்லாத கால்குலேட்டரில் log(A0/L) ÷ log(2) போடலாம். 3,700 ÷ 1,110 = 3.33, அதன் log2 மதிப்பு 1.74. ஆக 1.74 அரை ஆயுள் கழிய வேண்டும்.

எந்த அரை ஆயுள் என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. அயோடின்-131 குப்பியில் இருந்தால் அரை ஆயுள் 8.02 நாள். அதை வைத்துப் போட்டால் விடை கிட்டத்தட்ட 14 நாள் வரும். ஆனால் உடலில் இருப்பது சிதைவதோடு சிறுநீரிலும் வெளியேறுகிறது. அந்த உயிரியல் அரை ஆயுள் இவருக்கு 16 மணி என்று கொள்வோம். இரண்டு வழிகளும் சேர்ந்து குறைப்பதால் கிடைப்பது பயனுறு அரை ஆயுள்:

```
1/Te = 1/Tp + 1/Tb
```

Te பயனுறு அரை ஆயுள், Tp குப்பியில் இருக்கும்போதான அரை ஆயுள், Tb உயிரியல் அரை ஆயுள். 8.02 நாள் என்பது 192.5 மணி. 192.5 × 16 ÷ (192.5 + 16) = 14.8 மணி. இதை 1.74-ஆல் பெருக்கினால் சுமார் 26 மணி. இரண்டு அரை ஆயுளையும் சராசரி எடுப்பவர்கள் உண்டு, அது தவறு. பயனுறு மதிப்பு எப்போதும் இரண்டில் சிறியதைவிடவும் சிறியதாகத்தான் இருக்கும். ஒன்றை நாளிலும் மற்றொன்றை மணியிலும் போட்டுவிடுவது இன்னொரு வழக்கமான பிழை.

கால்குலேட்டர் கையில் இல்லாவிட்டால் பாதிபாதியாக இறக்கிப் பார்க்கலாம்: 3,700, 1,850, 925. வரம்பு கடைசி இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. அவற்றுக்கிடையே நேர்கோடு போட்டால் 1.8 அரை ஆயுள் வரும், அதாவது 26.6 மணி. உண்மை வளைவு நேர்கோட்டுக்குக் கீழே தொய்வதால் இந்தத் தோராயம் சற்றுக் கூடுதலான நேரத்தையே காட்டும். அந்தப் பிழை பாதுகாப்பான பக்கம்.

அதற்கு நேர்மாறான பிழையும் ஒன்று உண்டு. சூத்திரத்தின் log2-ல் 2-க்குப் பதில் இயல் மடக்கையின் அடியான e போட்டு, T-ஐ அப்படியே வைத்துவிடுவது. அப்போது ஒரு அரை ஆயுள் கழிந்ததும் 50 சதவீதத்துக்குப் பதில் 37 சதவீதம் என்று வரும். வரம்பு சீக்கிரமே தொட்டதாகத் தோன்றும். e உடன் வர வேண்டியது சராசரி ஆயுட்காலம், அது அரை ஆயுளைப் போல 1.443 மடங்கு.

26 மணி என்ற விடையை அப்படியே நம்பவும் கூடாது, ஆளுக்கு ஆள் 16 மணி என்பது மாறும். மருந்து கொடுத்ததும், சிறுநீர் கழிக்கும் முன்பே, ஒரு குறிப்பிட்ட தூரத்தில் கதிர்வீச்சு மானியால் அளப்பார்கள். அந்த அளவை 3,700-க்கு ஈடாகக் கொண்டு, பின்னர் அதே தூரத்தில் எடுக்கும் அளவுகளை ஒப்பிடுவார்கள். சுற்றுப்புற அளவை ஒவ்வொன்றிலும் கழிக்க வேண்டும். அளவுகளை அரைமடக்கைத் தாளில் நேரத்துக்கு எதிராகக் குறித்தால் நேர்கோடு வர வேண்டும். போகப்போகக் கோடு படுத்துக்கொண்டால், தைராய்டின் எஞ்சிய திசு அயோடினைப் பிடித்துவைத்திருக்கிறது என்று கொள்ளலாம். அந்தப் பங்கு பல நாள் அரை ஆயுளில்தான் இறங்கும், அப்போது ஒரே அரை ஆயுளை வைத்துப் போட்ட கணக்கு செல்லாது.

வெளியேறிய சிறுநீருக்கும் கறைபட்ட துணிக்கும் பயனுறு அரை ஆயுள் கிடையாது, 8.02 நாள்தான். பத்து அரை ஆயுள் வைத்தால் போதும் என்று 80 நாள் சேமிப்பது வழக்கம். அப்போது மிஞ்சுவது 1,024-ல் ஒரு பங்கு. 3,700 மெகாபெக்கரெல் முழுதும் தேங்கியிருந்தால் 3.6 இன்னும் இருக்கும்! நாள் கணக்கோடு மானியில் அளந்து பார்த்த பிறகே வெளியேற்ற வேண்டும்.

சாதாரண மருந்துகள் பலவற்றுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். ஆனால் மதுவுக்குப் பொருந்தாது: கல்லீரலின் நொதி நிரம்பிவிட்டால் மணிக்கு ஏறக்குறைய ஒரே அளவுதான் குறையும், அங்கே அரை ஆயுள் என்று நிலையான ஒன்றே கிடையாது. வலிப்புக்குத் தரும் ஃபெனிடாயினும் அளவு கூடும்போது இப்படித்தான் நடந்துகொள்ளும்.