சளிக்காய்ச்சலா, குழந்தை கடைசியாக எப்போது ஒன்றுக்குப் போனது?

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டால் டெல்டா பக்கம் குழந்தை மருத்துவர்களுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மூக்கொழுகல், இருமல், காய்ச்சல் என்று வரிசையாக வருவார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரு வாரத்துக்குள் தானாகவே சரியாகிவிடும். ஆனால் ஊசியும் டிரிப்ஸும் வரை போகிற பிள்ளைகளில் பலரும் காய்ச்சல் அதிகமாகி வருகிறவர்கள் இல்லை, இரண்டு மூன்று நாள் சரியாகக் குடிக்காமல் வறண்டுபோய் வருகிறவர்கள்.

வயிற்றுப்போக்கு வந்தால்தான் உடம்பில் தண்ணீர் குறையும் என்று நினைக்கிறோம், அதனால் சளிக்காய்ச்சலில் யாரும் அதைத் தேடுவதில்லை. காய்ச்சலில் தோல் வழியாகவும், வேகமாக மூச்சு விடும்போது மூச்சு வழியாகவும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. உள்ளே போவதோ குறைகிறது. மூக்கு அடைத்திருக்கும் கைக்குழந்தையால் மார்பில் வாய் வைத்து நாலு உறிஞ்சு உறிஞ்ச முடியாது, மூச்சுக்கு விட்டுவிட்டு அழும். கொஞ்சம் பெரிய பிள்ளைக்குத் தொண்டை வலி. இருமி இருமி, குடித்த பாலைச் சளியோடு வாந்தியெடுப்பது தனிக்கதை. ஃப்ளூ என்றால் சின்னப் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியுமே வருவதுண்டு. இது போதாதென்று வீட்டில், "தண்ணி குடுக்காதே, சளி கட்டிக்கும்" என்று அப்பாயி சொல்லியிருப்பார். தண்ணீரால் சளி கட்டாது. தண்ணீர் குறைந்தால்தான் சளி கெட்டியாகும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? உதடு காய்ந்திருக்கிறதே என்று பல அம்மாக்கள் காட்டுவார்கள். மூக்கடைத்த பிள்ளை வாயால் மூச்சு விடும், உதடு காயத்தான் செய்யும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கன்னத்தின் உட்புறத்தையும் நாக்குக்கு அடியிலும் பாருங்கள், அங்கே எச்சில் பளபளப்பாக இருக்க வேண்டும். அழும்போது கண்ணீர் வருகிறதா என்று பாருங்கள் (பிறந்து ஓரிரு மாதமே ஆன குழந்தைக்கு இது பொருந்தாது, அதற்கு இன்னும் கண்ணீர் சரியாக வரத் தொடங்கியிருக்காது). கண் குழி விழுந்திருக்கிறதா என்பதை எங்களைவிடப் பெற்றவளுக்குத்தான் தெரியும், அதனால்தான் "வழக்கமா கண்ணு இப்படித்தான் இருக்குமாம்மா?" என்று கேட்கிறோம். கைக்குழந்தை என்றால் உச்சிக்குழி. அழாமல் இருக்கும்போது நிமிர்த்திப் பிடித்துத் தடவிப் பார்த்தால் பள்ளமாகத் தெரியும்.

இத்தனையிலும் வீட்டில் வைத்து நம்பக்கூடியது மூத்திரம்தான். கைக்குழந்தை ஆறு மணி நேரமாகவும், பெரிய பிள்ளை எட்டு மணி நேரமாகவும் ஒன்றுக்குப் போகவில்லை என்றால், அல்லது போனாலும் கொஞ்சமாக, கெட்டி மஞ்சளாகப் போனால், தண்ணீர் பற்றவில்லை என்று அர்த்தம். இதில் டயப்பர் நம்மை ஏமாற்றிவிடும். அது உறிஞ்சிக்கொள்வதால் கொஞ்சமாகப் போனதும் தெரியாது, போகாததும் தெரியாது. காய்ச்சல் நாட்களில் அதைக் கழற்றிவிட்டுப் பழைய வேட்டித் துணியைக் கட்டுங்கள்.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒன்றரை வயதுப் பையன் ஒருவன் வந்தான், பத்து கிலோ எடை. மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். முந்தின நாள் வாந்தி என்று தொக்கம் எடுக்கக் கூட்டிப்போய்விட்டு அப்புறம் இங்கே வந்திருந்தார்கள். காலையில் ஒரு தடவை ஒன்றுக்குப் போனதோடு சரி, இப்போது மதியம் தாண்டிவிட்டது. நாக்குக்கு அடியில் பிசுபிசுப்பு, சிடுசிடுவென்று அழுகை, தண்ணீர் டம்ளரைக் கண்டால் பாய்கிறான். "ஓ.ஆர்.எஸ். குடுத்தோம் டாக்டர், எது குடுத்தாலும் நிக்க மாட்டேங்குது" என்றார் அம்மா. எப்படிக் கொடுத்தீர்கள் என்று கேட்டால், தாகத்தில் அரை டம்ளரை ஒரே மடக்கில் குடித்திருக்கிறான், உடனே மொத்தமும் வெளியே வந்திருக்கிறது. குழப்பத்தில் இருக்கிற வயிறு ஒரேயடியாக விரிந்தால் திருப்பித் தள்ளத்தான் செய்யும்.

அவனுக்கு டிரிப்ஸ் போடவில்லை. சுவாசம் வேகமாக இல்லை, விழிப்பாக இருக்கிறான், குடிக்க ஆசைப்படுகிறான், அது போதும். மூக்கில் சலைன் சொட்டு மருந்து இரண்டிரண்டு சொட்டு விட்டுத் துடைத்தோம். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, அதே ஓ.ஆர்.எஸ்.ஸை அஞ்சு மில்லி டீஸ்பூனால் ஒரு ஸ்பூன், ஒன்றரை நிமிடம் கழித்து இன்னொன்று, அவ்வளவுதான். இந்த அளவுக்கு வறண்ட குழந்தைக்கு நாலு மணி நேரத்தில் கிலோவுக்கு 75 மில்லி என்பது கணக்கு, இவனுக்கு 750 மில்லி. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்றால் மணிக்கு 200 மில்லி, நாலு மணி நேரத்தில் 800. ஸ்பூன் கணக்கில் இது எங்கே எட்டும் என்று தோன்றும், எட்டிவிடுகிறது. நடுவில் ஒரு தடவை இருமி வாந்தியெடுத்தான். பத்து நிமிடம் விட்டுவிட்டு, மறுபடி இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகத் தொடங்கினோம். வாந்தியெடுத்தாலும் உள்ளே போனதில் ஒரு பங்கு தங்கியிருக்கும், அதற்காக நிறுத்த வேண்டியதில்லை. சாயங்காலம் அம்மாவின் புடவையை நனைத்தான். அப்புறம் கஞ்சி.

பாலாடையில் கொடுப்பவர்கள் கவனம், அதில் சரிந்து ஒரேயடியாக இறங்கிவிடும். ஊசி இல்லாத சிரிஞ்சில் கொடுத்தால் தொண்டைக்கு நேராகப் பீச்சாமல் கன்னத்துப் பக்கம் விடுங்கள். படுக்க வைத்துக் கொடுக்கவே கூடாது.

ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது நடக்கிற தப்பு பெரிய தப்பு. பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பெரிய பாக்கெட்டில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து டம்ளரில் போடுகிறார்கள், உப்பு ஒரு டம்ளரில் அதிகம், அடுத்ததில் குறைவு. உப்பு அதிகமானால் உடம்பில் சோடியம் ஏறும், அது வறட்சியைவிட ஆபத்து. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை வைத்து அளந்து, காய்ச்சி ஆறிய தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கொட்டுங்கள். சர்க்கரை, பால், ஜூஸ் எதுவும் சேர்க்க வேண்டாம், கலந்த பிறகு சுட வைக்கவும் வேண்டாம். 24 மணி நேரம் ஆனால் மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். பாக்கெட் அங்கன்வாடியிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகக் கிடைக்கும்.

கடையில் அட்டைப் பெட்டியில் விற்கிற இனிப்புப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். இல்லை. சர்க்கரை அதிகம், பேதி இருந்தால் இன்னும் கூடும். ஓ.ஆர்.எஸ். என்ற பெயரை உணவுப் பானங்களில் போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவே போட்டது.

வெறும் மூக்கொழுகல், குழந்தை நன்றாகக் குடிக்கிறது, ஒன்றுக்குப் போகிறது என்றால் ஓ.ஆர்.எஸ். தேவையில்லை. தாய்ப்பாலோ கஞ்சியோ ரசமோ வழக்கம்போலப் போகட்டும். ஆறு மாதத்துக்குக் கீழே தாய்ப்பாலை அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். அதற்கு வெறும் தண்ணீர் வேண்டாம்.

ஸ்பூனை வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டிய நேரமும் உண்டு. எழுப்பினாலும் சரியாக விழிக்காத பிள்ளை, குடிக்கவே முடியாத பிள்ளை, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தும் எல்லாவற்றையும் வாந்தியெடுக்கிற பிள்ளை, வலிப்பு, மூச்சு விடும்போது விலாவுக்குக் கீழே உள்ளே இழுப்பது, மூன்று மாதத்துக்குக் கீழே எந்தக் காய்ச்சலும். மயக்கமாக இருக்கிற குழந்தைக்கு வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும், எதுவும் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மழைக்காலம் என்பதால் இன்னொன்று: காய்ச்சல் விட்ட பிறகு வயிற்றுவலியும் வாந்தியும் சோர்வும் வந்தால், கை கால் சில்லிட்டால், அதைச் சளி என்று விடாதீர்கள். டெங்குவில் மோசமாவது பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற அந்த நாளில்தான். அன்றைக்கே ரத்தம் பார்க்க வேண்டும்.