இலையை ‘கெஸ்ட்’ என்று எழுதிய கதை

“850 பேரா? நாம கூப்பிடுறதே 400 பேர்தானே மாமா?” தருமபுரியில் ஒரு கல்யாண வீட்டுக்கு அமெரிக்காவிலிருந்து வந்த கேள்வி இது. கேட்டது கல்யாண வீட்டுக்காரரின் அக்கா மகன்; செலவில் பாதியை ஏற்றுக்கொண்டவன், அங்கேயே பிறந்தவன். தமிழ் பேசுவான், படிக்க வராது. சமையல் காண்ட்ராக்டர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷனை அவனுக்காக ஆங்கிலமாக்கியது நான்தான். தவறும் என்னுடையதுதான்.

கொட்டேஷன் இப்படி இருந்தது: ஞாயிறு இரவு வரவேற்பு 350 இலை, இலை 260 ரூபாய். திங்கள் காலை டிபன் 200 இலை, 110 ரூபாய். முகூர்த்தச் சாப்பாடு 300 இலை, 240 ரூபாய். மொத்தம் 1,85,000. இலையை நான் ‘கெஸ்ட்’ என்று எழுதிவிட்டேன், அவன் மூன்றையும் கூட்டி 850 பேர் என்று படித்துவிட்டான். இரவு சாப்பிட்டவரே காலையிலும் உட்கார்ந்தால் ஆள் ஒன்று, இலை இரண்டு. இப்போதெல்லாம் ‘மீல்ஸ் சர்வ்ட்’ என்று போட்டு, ஒவ்வொரு வேளையையும் தனி வரியாக்கி, எதிரே பெருக்கித் தொகையும் எழுதுகிறேன். 1,85,000 என்பதை 185,000 என்று அவர்கள் வழக்கப்படி மாற்றுவது சின்ன வேலை.

அடுத்த வரியில்தான் வம்பு: “அட்வான்ஸ் 40 ஆயிரம், மீதி முதல் நாள் ராத்திரி.”

‘40 ஆயிரம்’ சரி. அட்வான்ஸை ‘டெபாசிட்’ என்று எழுதலாமா? வீட்டு வாடகை அட்வான்ஸ் காலி செய்யும்போது திரும்பி வரும், அதற்கு அந்தச் சொல் பொருந்தும். சமையல் அட்வான்ஸோ மொத்தத்தில் கழிந்துவிடும். ‘டெபாசிட்’ என்று படித்த பையன், 1,85,000 தனி, 40,000 தனி, பிறகு திரும்ப வரும் என்று கணக்குப் போட்டிருந்தான். ‘அட்வான்ஸ் பேமென்ட், மொத்தத்தில் கழிக்கப்படும், பாக்கி 145,000’ என்று முழுசாக எழுதினேன். கல்யாணம் தள்ளிப்போனால் அட்வான்ஸ் என்னவாகும் என்று கொட்டேஷனில் ஒரு வார்த்தைகூட இல்லை. அதை நானாக இட்டு நிரப்பக் கூடாது. ‘குறிப்பிடப்படவில்லை’ என்றே எழுதி, காண்ட்ராக்டரிடம் கேட்கும்படி வீட்டாரிடம் சொன்னேன்.

‘முதல் நாள்’ இன்னும் மோசம். விசேஷத்தின் ஆரம்ப நாளா, அதற்கு முந்தைய நாளா? வரவேற்புக்கு முந்தைய நாள் என்றால் சனி, முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் என்றால் ஞாயிறு. வெளிநாட்டிலிருந்து பணம் வந்து சேர வேண்டிய இடத்தில் ஒரு நாள் வித்தியாசம் லேசுப்பட்டதல்ல. போன் போட்டுக் கேட்டேன். “ஞாயித்துக்கிழமை ராத்திரி, கடைசிப் பந்தி முடிஞ்சதும் குடுங்க சார்” என்றார். மொழிபெயர்ப்பில் கிழமையையும், மாதத்தை எழுத்தில் போட்டுத் தேதியையும் சேர்த்தேன். எண்ணில் எழுதினால் அமெரிக்காவில் மாதம் முன்னே, தேதி பின்னே என்று படிப்பார்கள்.

அதே போனில் வங்கிக் கணக்கு எண்ணையும் அவரையே வாசிக்கச் சொல்லிச் சரிபார்த்தேன். அவர் வாசித்து முடித்ததும் கேட்டார்: “பாயசத்துக்கு இங்கிலீஷ்ல என்ன போட்டீங்க சார்?”

பாயசம் என்றுதான் போட்டிருந்தேன்.