சாய்வுப் புலம்

வகைக்கெழுச் சமன்பாடு என்றதும் பலர் நேராகத் தொகையிடலில் இறங்கிவிடுகிறார்கள். அதற்கு முன்பே தீர்வின் வடிவத்தைப் படமாகப் பார்த்துவிட முடியும். அந்தப் படத்தைத்தான் கல்லூரிகளில் 'ஸ்லோப் ஃபீல்டு' என்கிறார்கள். தமிழில் சாய்வுப் புலம். திசைப் புலம் என்றாலும் இதுதான்.

புலம் என்பது நிலத்தையும் திசையையும் குறித்த பழைய சொல். வடபுலம், தென்புலம் என்கிறோமே, அதே சொல். காந்தப்புலம் என்னும்போது, ஒரு பரப்பின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அளவு உண்டு என்று பொருள். இங்கே அந்த அளவு சாய்வு. dy/dx = f(x, y) என்ற சமன்பாடு, எந்தப் புள்ளியைக் கொடுத்தாலும் அங்கே தீர்வுக்கோட்டின் சாய்வு எவ்வளவு என்று சொல்லிவிடுகிறது. அந்தச் சாய்வில் புள்ளிக்கொரு சிறு கோட்டுத்துண்டு போட்டால் புலம் தயார்.

கையால் வரைய நல்ல வழி, சாய்வு ஒரே அளவாக இருக்கும் புள்ளிகளை முதலில் சேர்த்துக்கொள்வது. இவை சம சாய்வுக் கோடுகள். யோஹான் பெர்னூலி 1694-லேயே கையாண்ட முறை இது.

dy/dx = x − y என்பதை எடுத்துக்கொள்வோம். y = x கோட்டின் மேல் சாய்வு 0, ஆகவே துண்டுகள் படுக்கையாகக் கிடக்கும். அதற்கு மேலே சாய்வு குறை எண், கீழே மிகை எண். அப்புறம் y = x − 1 கோட்டைப் பாருங்கள். அதன் மேல் எல்லாத் துண்டுகளின் சாய்வும் 1. கோட்டின் சாய்வும் 1. அதாவது துண்டுகள் கோட்டின் மேலேயே படிகின்றன. அப்படியானால் அந்தக் கோடே ஒரு தீர்வு! தொகையிடாமலேயே ஒரு தீர்வு கிடைத்துவிட்டது.

சரி, (0, 1) புள்ளியில் தொடங்கினால்? அங்கே சாய்வு −1. கோடு இறங்கும், y = x-ஐத் தொடும் இடத்தில் திரும்பும், பிறகு ஏறி y = x − 1-ஐ மேலிருந்து நெருங்கும். அதை வெட்டாது, ஏனென்றால் இங்கே இரண்டு தீர்வுகள் ஒரு புள்ளியைப் பகிர முடியாது. இப்போது தொகையிட்டால் y = x − 1 + 2e^(−x) வருகிறது. தாழ்ந்த புள்ளி x = ln 2, சுமார் 0.69, அங்கே y-யும் அதே மதிப்பு. விடையில் அடையாளக்குறி தவறி +2-க்குப் பதில் −2 வந்திருந்தால், கோடு திரும்பாமல் ஏறிக்கொண்டே போயிருக்கும். படத்தோடு ஒப்பிட்டதுமே பிழை தெரிந்துவிடும்.

ஆனால் புலம் எல்லாவற்றையும் காட்டிவிடாது. dy/dx = y, dy/dx = y² இரண்டிலும் மேல்பாதியில் துண்டுகள் செங்குத்தாகிக்கொண்டே போகும்; படத்தில் ஏறக்குறைய ஒரே தோற்றம். (0, 1)-லிருந்து கிளம்பினால் முதலாவதின் தீர்வு e^x, எல்லா x-க்கும் உண்டு. இரண்டாவதின் தீர்வு 1/(1 − x); அது x = 1-ஐ எட்டும் முன்பே எந்த உயரத்தையும் தாண்டிவிடும். அந்த எல்லை x = 1-இல் இருக்கிறது என்பதைத் தொகையிட்டால்தான் சொல்ல முடியும்.