பின்தங்கும் நிலா

காரைக்குடிக்கு அருகே எங்கள் பூர்வீக வீட்டின் வளவில் ஒரு பெண்டுலக் கடிகாரம் தொங்கும். சித்திரை பிறந்தால் அது பின்தங்கத் தொடங்கிவிடும். ஐயா நாற்காலி போட்டு ஏறி, பெண்டுலத்தின் அடியிலிருக்கும் சின்னத் திருகை அரைச் சுற்று திருப்பிவிட்டு, "வெயிலுக்குக் கம்பி வளர்ந்துவிட்டது" என்பார். சிறுவனாக இருந்தபோது ஒருமுறை மரஸ்கேலை வைத்துக் கம்பியை அளந்து பார்த்தேன். எதுவும் வளர்ந்ததாகத் தெரியவில்லை.

தெரியவும் தெரியாது. வீட்டுக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால் 25 சென்டிமீட்டர் பித்தளைக் கம்பி 0.05 மில்லிமீட்டர் நீளும். தலைமுடியின் பருமன்கூட இல்லை. ஆனால் அந்தச் சிறு நீட்சி ஒவ்வொரு ஆட்டத்தையும் கொஞ்சம் தாமதமாக்குகிறது. நாளொன்றுக்கு 8 விநாடி, மாதத்துக்கு 4 நிமிடம். நீளத்தை அளந்து கண்டுபிடிக்க முடியாததைத் தாமதம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. நிலா ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுகிறது என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் ஏறக்குறைய இதே வழியில்தான்.

முதலில் நிலா ஏன் விலகுகிறது என்று பார்ப்போம். காரணம் கடலில் இருக்கிறது. பூமியின் நிலாவைப் பார்த்த பக்கத்தை நிலா சற்று வலுவாக இழுக்கிறது. எதிர்ப்பக்கத்தைச் சற்று வலுக்குறைவாக இழுக்கிறது. இந்த வித்தியாசத்தால் கடல்நீர் இரண்டு பக்கமும் மேடிடுகிறது. இதுதான் ஓதம். தொண்டிக் கரையில் நின்றால் பெரிதாகத் தெரியாது, அங்கே கடல் அடக்கமானது. பூமி முழுவதற்குமாகச் சேர்த்துப் பார்த்தால்தான் அதன் பலம் புரியும்.

பூமி ஒரு நாளில் தன்னைச் சுற்றிவிடுகிறது. நிலா பூமியைச் சுற்ற 27 நாளுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வேகமாகச் சுழலும் பூமி தன் மேலுள்ள நீர்மேட்டையும் கொஞ்சம் முன்னே தள்ளிக்கொண்டு போவதால், மேடு நிலாவுக்கு நேர் கீழே நிற்காமல் சற்று முந்தி நிற்கிறது. அப்படி முந்தி நிற்கும் மேடு நிலாவை முன்பக்கமாக இழுக்கிறது. எதிர்ப்பக்கத்து மேடு பின்னுக்கு இழுக்கும்தான், ஆனால் அது தொலைவில் இருப்பதால் தோற்றுப்போகிறது. (உண்மையில் கண்டங்கள் குறுக்கே கிடப்பதால் நீர் இரண்டு ஒழுங்கான மேடுகளாக நிற்பதில்லை, கடல்களுக்குள் அங்குமிங்கும் தளும்புகிறது. எல்லாத் தளும்பலையும் கூட்டிக் கழித்தால் மிஞ்சுவது இந்த முன்னிழுப்புதான்.)

இங்கேதான் பலரும் குழம்புவார்கள். முன்னே இழுத்தால் நிலா வேகமெடுக்க வேண்டாமா? எடுப்பதில்லை. சுற்றுப்பாதையில் போகும் பொருளை முன்னே இழுத்தால் அது மேலே ஏறுகிறது. ஏறும்போது, கிடைத்ததையும் தாண்டி வேகத்தைச் செலவழித்துவிடுகிறது. கடைசியில் நிலா முன்னைவிட உயரத்தில், முன்னைவிட மெதுவாகச் சுற்றுகிறது. இந்த ஏற்றத்துக்கான செலவு பூமியின் கணக்கில் எழுதப்படுகிறது: ஓதத்தின் உராய்வால் நம் நாள் நூறாண்டுக்குச் சுமார் 2 மில்லிவிநாடி நீள்கிறது.

சரி, 3.8 சென்டிமீட்டரை எப்படிக் கண்டார்கள்? 1969 ஜூலையில் அப்பல்லோ 11 வீரர்கள் நிலாவில் அமைதிக் கடல் எனப்படும் சமவெளியில் ஒரு பலகையை வைத்துவிட்டு வந்தார்கள். அதில் 100 கண்ணாடிப் பட்டகங்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் 3.8 சென்டிமீட்டர் விட்டம். ஆண்டு விலகலும் அதே அளவாக அமைந்தது தற்செயல். மின்கலமும் கிடையாது, நகரும் பாகமும் கிடையாது. கெட்டுப்போக எதுவும் இல்லாததால் இன்றும் வேலை செய்கிறது. பிறகு அப்பல்லோ 14, 15 பயணங்களும், சோவியத் யூனியனின் இரண்டு லூனோகோத் வண்டிகளும் இதுபோன்ற பலகைகளைக் கொண்டுபோயின.

பட்டகத்தின் சூட்சுமம் அறை மூலையின் சூட்சுமம். ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று பரப்புகள் கூடும் மூலைக்குள் எந்தத் திசையிலிருந்து ஒளி புகுந்தாலும், மூன்றிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்பிவிடும். இதைச் சோதித்துப் பார்க்கக் காரைக்குடியில் ஒரு கண்ணாடிக் கடையில் 15 சென்டிமீட்டர் சதுரமாக மூன்று துண்டுகள் வெட்டி வாங்கி, பின்பக்கம் டேப் ஒட்டி மூலையாக நிறுத்தினேன். எந்தப் பக்கம் சாய்ந்து பார்த்தாலும் என் கண் சரியாக மூலைப்புள்ளியிலேயே, தலைகீழாக, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. முதல் முயற்சியில் ஒரு கண்ணாடி இம்மியளவு சாய்ந்துவிட, அந்தக் கண் நடுவில் பிளந்து இரண்டாகத் தெரிந்தது. இந்தச் சாய்வு நிலாவில் நேர்ந்திருந்தால் திரும்பும் ஒளி பூமியையே தவறவிட்டிருக்கும். சாதாரணக் கண்ணாடியை அங்கே வைக்காததற்கும் இதுவே காரணம். அதை நம்மை நோக்கித் துல்லியமாகத் திருப்பி வைக்க யாராலும் முடியாது.

பூமியிலிருந்து லேசர் ஒளியை அனுப்பி, அது பலகையில் பட்டுத் திரும்பிவர எடுக்கும் நேரத்தை அளந்தால் தூரம் தெரிந்துவிடும். 1969 ஆகஸ்ட் 1 அன்று கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்துக்கு முதல் எதிரொளி கிடைத்தது. இன்று இந்த வேலையில் மிகத் துல்லியமானது நியூ மெக்சிகோவின் அப்பாச்சி பாயின்ட்டில் உள்ள 3.5 மீட்டர் தொலைநோக்கி. அது பச்சை லேசர் துடிப்புகளை விநாடிக்கு 20 வீதம் அனுப்புகிறது. ஒரு துடிப்பில் ஏறத்தாழ 3,000 கோடி கோடி ஒளித்துகள்கள். நிலாவைச் சேரும்போது கற்றை 2 கிலோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடுகிறது. மூன்று கோடியில் ஒன்றுதான் பலகையில் படுகிறது. திரும்பும் கற்றை பூமியில் 15 கிலோமீட்டர் விரிகிறது. அதிலும் மூன்று கோடியில் ஒன்றுதான் தொலைநோக்கிக்குள் விழுகிறது. வழியில் ஏற்படும் மற்ற இழப்புகளும் போக, ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு துகள் வந்தால் அது நல்ல இரவு.

அந்த ஒற்றைத் துகள் நம்முடையதுதானா, நிலவொளியில் வந்த வேறொன்றா? அந்தப் பச்சை நிறத்தைத் தவிர வேறெதையும் விடாத வடிகட்டி வைக்கிறார்கள். எதிரொளி வரவேண்டிய நேரம், அதாவது சுமார் இரண்டரை விநாடி கழித்து, கருவி ஒரு கணம் மட்டும் கண் திறக்கிறது. அந்தக் கணத்துக்குள் நிலவொளித் துகள்கள் இஷ்டத்துக்குச் சிதறி விழும். நம் துகள்கள் துடிப்புக்குத் துடிப்பு ஒரே இடத்தில் குவியும். குவியல் தெரிந்தால் அதுதான் பலகை. ஆயிரக்கணக்கில் சேர்த்துச் சராசரி எடுத்தால் தூரம் மில்லிமீட்டர் அளவுக்குத் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை: பௌர்ணமியன்று எதிரொளி பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. நிலவொளியின் கூச்சம்தான் காரணம் என்றால் கணக்கு ஒத்துவரவில்லை. பட்டகங்கள் மேல் தூசி படிந்திருக்க வேண்டும், பௌர்ணமியன்று வெயில் நேராக உள்ளே விழுந்து அந்தத் தூசியைச் சூடாக்குவதால் கண்ணாடிக்குள் வெப்பம் சீரற்றுப் பரவி ஒளியைச் சிதறடிக்கிறது என்று அப்பாச்சி பாயின்ட் குழு சந்தேகித்தது. 2010 டிசம்பரில் சந்திர கிரகணம் வந்தது. பூமியின் நிழல் பலகைகள் மேல் விழுந்ததும் எதிரொளி பல மடங்கு மீண்டது. சந்தேகம் வலுப்பட்டது.

இனி விலகலுக்கு வருவோம். இன்று அளந்து, அடுத்த ஆண்டு அளந்து, கழித்தால் 3.8 சென்டிமீட்டர் கிடைத்துவிடாது. நிலாவின் பாதை நீள்வட்டம். ஒரு மாதத்துக்குள்ளேயே தூரம் சுமார் 3,63,000 கிலோமீட்டருக்கும் 4,05,000 கிலோமீட்டருக்கும் இடையே ஊசலாடுகிறது. போதாததற்கு, நம் காலடி நிலமே ஓதத்தால் சில பத்து சென்டிமீட்டர் ஏறி இறங்குகிறது. காற்று ஒளியைத் தாமதப்படுத்தி 2 மீட்டர் அதிகமாகக் காட்டுகிறது. இவற்றையெல்லாம் கணக்கில் கொண்டுவந்த பிறகும், 42,000 கிலோமீட்டர் ஆட்டத்துக்குள் நான்கு விரற்கடைகூட இல்லாத ஒன்றைத் தேட வேண்டும். ஸ்கேலை வைத்துக்கொண்டு பெண்டுலத்தின் முன் நின்ற சிறுவனின் நிலைதான்.

ஐயாவின் வழி இங்கே உதவுகிறது. பாதை பெரிதானால் சுற்றும் காலம் நீளும், நிலா பின்தங்கும். விலகாமல் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ அந்த இடத்துக்கு, ஓராண்டில் 2.4 மீட்டர் பின்னால் இருக்கும். தாமதம் தாமதத்தின் மேல் ஏறுவதால், ஆண்டுகள் பத்தானால் பின்னடைவு பத்து மடங்காக இல்லாமல் நூறு மடங்காகிறது: 240 மீட்டர். ஐம்பது ஆண்டில் 6 கிலோமீட்டர். இதே ஐம்பது ஆண்டில் தூரம் கூடியது 1.9 மீட்டர்தான்.

ஆனால் லேசர் அளப்பது தூரத்தை மட்டும்தானே, பின்னடைவு எப்படித் தெரியும்? நீள்வட்டமே வழிகாட்டுகிறது. நிலா நம்மை நெருங்கும்போதும் விலகும்போதும் தூரம் விநாடிக்கு 55 மீட்டர் வரை மாறுகிறது. 6 கிலோமீட்டர் பின்தங்கிய நிலா ஒவ்வோர் இடத்துக்கும் 6 விநாடி தாமதமாக வருகிறது. ஆகவே விலகாத நிலாவுக்குக் கணித்த தூரத்துக்கும் அளந்த தூரத்துக்கும் சில நேரங்களில் 300 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். மில்லிமீட்டரை அளக்கும் கருவிக்கு 300 மீட்டர் மலை. அந்த வித்தியாசம் மாதந்தோறும் ஏறி இறங்கி, ஆண்டுகளின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. வேறெந்தப் பிழையும் இந்தச் சாயலில் வளர்வதில்லை என்பதால் நிலாவின் கையெழுத்தைத் தனியே பிரித்தெடுக்க முடிகிறது. நேரத்தை மட்டும் அணுக்கடிகாரத்தில்தான் பார்க்க வேண்டும். பூமியின் சுழற்சியை வைத்துப் பார்த்தால், பின்தங்கும் கடிகாரத்தை இன்னொரு பின்தங்கும் கடிகாரத்தோடு ஒப்பிட்ட கதையாகிவிடும்.

இந்த 3.8 இன்றைய வேகம் மட்டுமே. நெருங்க நெருங்க ஓதம் வலுக்கும் என்பதையும் சேர்த்து, இன்றைய கடல்களை வைத்தே பின்னோக்கிக் கணக்குப் போட்டால், சுமார் 150 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலா பூமியோடு ஒட்டியிருந்திருக்க வேண்டும். அப்பல்லோ கொண்டுவந்த பாறைகளில் சிலவோ 400 கோடி ஆண்டைத் தாண்டியவை. அப்படியானால் நெடுங்காலம் நிலா இதைவிட மெதுவாகத்தான் விலகியிருக்கிறது. வளவு ஊஞ்சலை அதன் தாளத்துக்கு ஒத்துத் தள்ளினால் ஒரு விரலாலேயே உயரப் பறக்கும். தாளம் தப்பினால் முழுக் கையாலும் அசையாது. இன்றைய வட அட்லாண்டிக்கின் நீளமும் ஆழமும், சுமார் 12 மணி நேரத்துக்கொருமுறை வரும் ஓதத்தின் தாளத்துக்கு நெருக்கமாக அமைந்துவிட்டன. அதனால் அங்கே நீர் பெரிதாகத் தளும்பி, உராய்வும் மிகுதியாகிறது. கண்டங்கள் நகர்ந்து அந்தக் கடலின் வடிவம் மாறும்போது 3.8 என்ற எண்ணும் மாறும்.